தினமும் இரவு போனில் "வந்து கூட்டிட்டுப் போ" என்று அழுகிறான். என்ன சொல்வது?

மேசைவிளக்கு | திங்கள், இரவு 10.40

என் மகனுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பில், விடுதியோடு இருக்கும் ஒரு பள்ளியில் சேர்த்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் இரவு எட்டரை மணிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்று வார்டன் அறை போனில் பேசலாம், ஆளுக்குப் பத்து நிமிடம்.

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் பேசினான். பெரிய மைதானம் இருக்கிறது, மாடிக் கட்டில் கிடைத்தது என்றெல்லாம் சொன்னான். நான்காம் நாள் "அப்பா" என்று ஆரம்பித்தவன் அதற்கு மேல் பேசவில்லை. விசும்பல் மட்டும்தான் கேட்டது. அன்றிலிருந்து தினமும் இதேதான். "வந்து கூட்டிட்டுப் போ. நாளைக்கே வா." இரண்டு முறை வயிற்று வலி என்று மருந்தறையில் படுத்திருக்கிறான்.

வார்டனைக் கேட்டால் "பகலில் நன்றாக விளையாடுகிறான் சார், போனில்தான் அழுகிறான்" என்கிறார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விட்டுவிட்டு வரும்போது அவன் அம்மா, "பிடிக்கலைன்னா சொல்லு கண்ணா, ஒரு மாசத்துல வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொன்னாள். அவன் சமாதானமாக வேண்டுமே என்றுதான் சொன்னாள். இப்போது அவன் கணக்கு வைத்திருக்கிறான். இன்றைக்குப் போனில் சொன்னது: "இன்னும் பதினெட்டு நாள்."

கூட்டி வந்துவிடலாமா, பொறுக்கலாமா? அதைவிட, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது?

---

ஓடும்ரயில் | திங்கள், இரவு 11.05

போனை நிறுத்துங்கள் சார், அதுதான் மருந்து. குரல் கேட்கும்போதுதான் அழுகை வருகிறது. ஒரு மாதம் பேசவே பேசாதீர்கள், தன்னால் பழகிவிடுவான். என் அத்தை மகனை அப்படித்தான் விட்டார்கள். இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறான்.

---

செம்பருத்தி | திங்கள், இரவு 11.30

என் மகள் கல்லூரி ஹாஸ்டலில் இரண்டாம் வருடம். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், நான்தான் இன்னும் அவள் அறைக் கதவைத் திறக்க முடியாமல் இருக்கிறேன். போன வருடம் அவளுக்குத் தினமும் செய்தி அனுப்புவேன்: "உன் பூனை உன் கட்டில் மேலேயே படுத்திருக்கு, உன்னையே தேடுது." பாசமாக இருக்கிறதே என்று நினைத்து அனுப்பினேன். ஒரு நாள் அவளே சொன்னாள்: "அம்மா, நீ அனுப்புறதைப் படிச்சா அன்னைக்கு முழுக்க எனக்குப் படிப்பு ஓடாது." உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள்.

---

பழையசாவி | செவ்வாய், காலை 6.15

நான் ஆண் பிள்ளைகள் விடுதியில் பதினான்கு வருடம் வார்டனாக இருந்தவன். இப்போது ஓய்வு.

ஓடும்ரயில் சொன்னதில் பாதி சரி. குரல் கேட்டால் அழுகை வருகிறது என்பது உண்மை. ஆனால் அழுகையை அந்தக் குரல் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைத் திறந்துவிடுகிறது. ஒரு மாதம் அடியோடு நிறுத்தினால் பையன் என்ன நினைப்பான்? "நான் அழுததால்தான் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார்" என்று நினைப்பான். அப்புறம் அவன் அழமாட்டான், சரிதான். உங்களிடம் எதையும் சொல்லவும் மாட்டான்.

மேசைவிளக்கு சார், உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் தட்டுப்படுவது அழுகை நேரம். இரவு எட்டரை என்பது பேசுவதற்கு மிகமோசமான நேரம். விளையாட்டு முடிந்தது, படிப்பு முடிந்தது, உடம்பு களைத்துவிட்டது, இனிப் படுக்கைதான். ஏக்கம் வருவது கை சும்மா இருக்கும்போது. படுக்கப்போகும் நேரம், மதியம் கட்டாய ஓய்வு நேரம், ஞாயிற்றுக்கிழமை மாலை, இந்த மூன்றையும் எந்த வார்டனைக் கேட்டாலும் சொல்வார். அந்த நேரம் பார்த்து வீட்டுக் குரலும் கேட்டால் அழாத பிள்ளை குறைவு. எங்கள் விடுதியில் புதுப் பிள்ளைகளின் போனை மாலை விளையாட்டு முடிந்து படிப்பு மணி அடிப்பதற்கு முன் மாற்றினோம். அழுகை நின்றுவிடவில்லை. ஆனால் அழுதுவிட்டு உடனே போய்ச் செய்ய ஒரு வேலை இருந்தது, இரவு தூங்குவதற்குள் மூன்று மணி நேரம் இருந்தது.

இரண்டாவது, அந்த "ஒரு மாசம்". அது இருக்கும்வரை அவன் அங்கே பழகப்போவதில்லை. அவனைக் குறை சொல்லாதீர்கள். பதினெட்டு நாளில் போகப்போகிற இடத்தில் எதற்காக நண்பனைத் தேட வேண்டும்? நீங்களே ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது பெட்டியைத் திறந்து துணியை அடுக்கி வைப்பீர்களா? அதற்கு மேல் ஒன்று உண்டு. "உன்னால் முடியாமல் போகலாம்" என்று அம்மாவே நினைக்கிறாள் என்பதுதான் அவனுக்கு அதில் கேட்டிருக்கும்.

பதில் சொல்லும் முன் உங்களிடம் நான்கு கேள்வி. வயிற்று வலி எந்த நேரத்தில் வருகிறது? போனை வைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்து அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? (வார்டனிடம் இதை அப்படியே கேளுங்கள். "எப்படி இருக்கிறான்" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறான்" என்றுதான் பதில் வரும்.) யாராவது ஒரு பையன் பெயரை இதுவரை சொல்லியிருக்கிறானா? அழுகை நான்காம் நாளைவிட இப்போது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

---

கோடைக்குயில் | செவ்வாய், காலை 9.20

பதினொரு வயதுப் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

---

மேசைவிளக்கு | செவ்வாய், மதியம் 1.10

கோடைக்குயில், நாங்கள் இருவரும் வேலை நிமித்தம் வருடத்துக்கு இரண்டு முறை ஊர் மாறுகிறோம். நான்கு வருடத்தில் நான்கு பள்ளி பார்த்துவிட்டான். அதனால்தான். அவனைக் கேட்டுத்தான் முடிவெடுத்தோம் என்று சொல்ல ஆசை. உண்மையில் முடிவெடுத்துவிட்டுக் கேட்டோம்.

பழையசாவி ஐயா, வார்டனிடம் இன்று காலையில் பேசினேன். வயிற்று வலி இரண்டு முறையும் மதியம் ஓய்வு நேரத்தில் வந்திருக்கிறது. போனை வைத்தபின் முகம் கழுவிவிட்டு வந்து ஒரு பையனோடு சதுரங்கம் ஆடுகிறானாம். பெயர்... எங்களிடம் யாரையும் சொன்னதில்லை. அழுகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நேற்றைய பேச்சை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"சாப்பிட்டியா?" "ம்." "என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?" (விசும்பல்.) "அழாதேடா, நீ பெரிய பையன்ல?" (பெரிதாக அழுகை.) "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" "வந்து கூட்டிட்டுப் போ." "சரி சரி, அழாதே, பாக்கலாம்."

மற்ற நாட்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

---

மருந்தறை | செவ்வாய், மாலை 4.45

உறைவிடப் பள்ளி ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். ஓய்வு நேர வயிற்று வலி எனக்கு ரொம்பப் பழக்கம். பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன், அவர்களுக்கு வலிப்பது நிஜம். ஆனால் எல்லாரும் "ஏக்கம்" என்று எழுதி மூடிவிடும் இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் மகன் விடுதிக்குப் போனபின் ஒழுங்காக மலம் கழிக்கிறானா?

சிரிக்க வேண்டாம். புது இடத்தில் பொதுக் கழிப்பறை, தாழ்ப்பாள் சரியாக இல்லை, வெளியே நின்று யாரோ தட்டுகிறார்கள், காலையில் வரிசை. வீட்டில் தனியாகப் போய்ப் பழகிய பிள்ளை அடக்கிக்கொள்ளும். சில பிள்ளைகள் போக வேண்டியிருக்கக் கூடாதே என்று தண்ணீரையே குறைத்துவிடும். நாலைந்து நாள் அடக்கினால் சாப்பிட்டபின் வயிறு முறுக்கும். பிள்ளை வெட்கப்பட்டு வார்டனிடம் சொல்லாது, போனில் வரிசையில் நின்றுகொண்டு அப்பாவிடமும் சொல்லாது. "வந்து கூட்டிட்டுப் போ" என்பதற்குள் இதுவும் சேர்ந்துதான் வரும்.

இன்னொரு எச்சரிக்கை. காய்ச்சல், வாந்தி, வலி தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்வது, நடக்கும்போது குனிந்து நடப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏக்கம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டு ஏக்கம் உள்ள பிள்ளைக்கும் குடல்வால் வீங்கும்.

---

மேசைவிளக்கு | புதன், இரவு 9.30

மருந்தறை அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அங்குள்ள செவிலியிடம் பேசினேன். அவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். ஐந்து நாளாகப் போகவில்லை. அவன் மாடியில் இருக்கும் மூன்று கழிப்பறைகளில் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றில் விளக்கு இல்லை, மூன்றாவதில் எப்போதும் கூட்டம். மருந்து கொடுத்திருக்கிறார்கள். வகுப்பு நடக்கும்போது மருந்தறைக் கழிப்பறைக்குப் போய்க்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் போட ஆள் வருகிறாராம்.

பன்னிரண்டு நாளாக "யாராவது ஏதாவது சொன்னாங்களா" என்று கேட்டேனே தவிர இதை ஒரு நாளும் கேட்கவில்லை.

---

பழையசாவி | வியாழன், காலை 6.00

நல்லது. ஆனால் அழுகையும் இதோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வலி போகும், ஏக்கம் இருக்கும். இரண்டும் வேறு வேறு கணக்கு.

இப்போது போனுக்கு வருகிறேன். உங்கள் பேச்சில் முதல் நாலு வரியும் அவன் அழுகையைத் தேடிப் போகின்றன. "அழுதியா" என்று கேட்டால் அழாதவனுக்கும் வரும். "பெரிய பையன்ல" என்றால் அழுவதோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் வரும் "பாக்கலாம்" இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும்விடச் சேதம் செய்வது. அழுதால் "பாக்கலாம்" வரும் என்று தெரிந்தால் நாளையும் அழுது பார்க்கத்தான் தோன்றும். சூழ்ச்சி என்று நினைக்காதீர்கள், அந்த இடத்தில் நானும் அப்படித்தான் செய்வேன்.

நான் பெற்றோர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். ஆரம்பத்திலேயே சின்னதாக, குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். "அந்தச் சதுரங்கப் பையன் வெள்ளையா கறுப்பா எடுப்பான்?" என்பதுபோல. பதில் ஒற்றைச் சொல்லாக இருக்கலாம், பரவாயில்லை. அழ ஆரம்பித்தால் தடுக்காதீர்கள், அவசரப்பட்டுப் பேசவும் வேண்டாம். கொஞ்சம் பொறுத்து, "வீட்டு ஞாபகம் வருதுடா, வரத்தான் செய்யும். நான் போன்லயே இருக்கேன்." அவ்வளவுதான். அழுகை தானாகத் தணியும் வரை இருங்கள், பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. "கூட்டிட்டுப் போ" என்றால் "வரணும்னு உனக்கு எவ்வளவு ஆசைன்னு தெரியுது. இன்னைக்கு இல்ல" என்று சொல்லுங்கள். விளக்கம் கொடுத்தால் வாதம் வரும். முடிக்கும்போது, "இப்ப போனை வச்சதும் முதல்ல என்ன செய்யப்போற?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எப்போது பேசுவீர்கள் என்று நாளும் நேரமும் சொல்லி, நீங்களே வையுங்கள். அவன் வைக்கும்வரை காத்திருந்தால் வைக்கமாட்டான்.

தினமும் என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். இரண்டு வாரம் கழித்து வாரத்துக்கு இரண்டு. நடு நாட்களில் கடிதம் எழுதுங்கள். கடிதத்தை நாலு முறை படிக்கலாம், தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம், அது வந்ததும் யாரும் பின்னால் வரிசையில் நிற்கமாட்டார்கள். செம்பருத்தியம்மா சொன்ன பூனை மட்டும் வேண்டாம். வீட்டில் நடந்தவற்றை எழுதுங்கள், வீடு அவனுக்காக வாடுகிறது என்று எழுதாதீர்கள்.

அந்த வார்டன் நல்லவராகத் தெரிகிறது. போன் முடிந்ததும் அவனுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கச் சொல்லுங்கள். நான் நூலகச் சாவியை ஒப்படைத்துப் பூட்டிவரச் சொல்வேன். என் பெயர்க் காரணம் அதுதான்.

---

நீலக்குடை | வியாழன், இரவு 11.50

எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என்னை எட்டு வயதில் விட்டார்கள். மூன்றாவது வாரத்தில் நான் அழுவதை நிறுத்தினேன். "செட் ஆயிட்டான்" என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் செட் ஆகவில்லை. அழுதால் ஒன்றும் மாறாது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிக்கொண்டாள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நாற்பது ஆகப்போகிறது. யாரிடமாவது உதவி கேட்க வேண்டுமென்றால் இன்னமும் தொண்டை அடைக்கிறது.

ஆகவே பழையசாவி ஐயாவிடம் ஒரு கேள்வி. அழுகை குறைந்தால் பழகிவிட்டான் என்று எப்படித் தெரியும்?

---

எழுத்தாணி | வெள்ளி, காலை 8.30

நீலக்குடை சொல்வதற்குப் பெயரே உண்டு. ஜாய் ஷாவரியன் என்ற பிரிட்டிஷ் மனநல சிகிச்சையாளர் 2011-இல் இதை "போர்டிங் ஸ்கூல் சிண்ட்ரோம்" என்று எழுதினார். விடுதிக்குப் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வரும். மேசைவிளக்கு, உடனே கூட்டி வந்துவிடுங்கள்.

---

பழையசாவி | வெள்ளி, காலை 10.15

எழுத்தாணி, "எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்று அவர் சொல்லவில்லை. தன்னிடம் சிகிச்சைக்கு வந்த பெரியவர்களிடம் கண்டதை எழுதினார். மிகச் சிறு வயதில் அனுப்பப்பட்டவர்களைப் பற்றித்தான் அவருக்கு அதிகக் கவலை. எட்டு வேறு, பதினொன்று வேறு. எட்டு வயதில் விடுவதை நான் எந்தப் பெற்றோருக்கும் சரி என்று சொன்னதில்லை. சொல்லியும் பலர் விட்டுவிட்டுப் போனார்கள், நானும் சேர்த்துக்கொண்டேன். அது என் கணக்கில் இருக்கிறது.

நீலக்குடை தம்பி, உங்கள் கேள்வி சரியான கேள்வி. எனக்கு அது புரியவே ஐந்தாறு வருடம் ஆனது. அழுகை நின்ற பிள்ளைகளில் இரண்டு வகை. பழகிய பிள்ளை அழுகை குறையக் குறைய மற்றதெல்லாம் கூடும். சண்டை போடும், புகார் சொல்லும், யாரோ ஒருவன் பெயரை ஓயாமல் சொல்லும், ஏதாவது கேட்டு நச்சரிக்கும். வீட்டுப் பேச்சு வந்தால் இன்னமும் கண் கலங்கும், அப்புறம் விளையாடப் போய்விடும். அடங்கிய பிள்ளையிடம் அழுகையோடு எல்லாமே குறையும். எதையும் கேட்காது. எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்". கட்டில் கலையாமல் இருக்கும். ஆசிரியர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் பாராட்டுவார்கள்.

நச்சரிக்கும் பிள்ளையைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

---

நீலக்குடை | வெள்ளி, இரவு 10.05

என் கட்டில் கலைந்ததே இல்லை, ஐயா.

---

மேசைவிளக்கு | சனி, மாலை 7.20

போன் நேரத்தை மாலை ஐந்தே முக்காலுக்கு மாற்றித் தந்தார்கள். நேற்று முதல் பேச்சு. அழுதான். நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன், எனக்குத்தான் கை நடுங்கியது. ஒன்றரை நிமிடத்தில் நின்றது. அப்புறம் அவனாகவே, "அப்பா, அந்தப் பையன் எப்பவும் குதிரையை முதல்ல எடுப்பான்" என்றான். முதல் முறையாக ஒரு பெயரும் சொன்னான்.

ஆனால் கடைசியில், "இன்னும் பதினாலு நாள்ல" என்று சொல்லித்தான் வைத்தான்.

இப்போது வீட்டில் பிரச்சினையே அதுதான். அவன் அம்மா, "சொன்னேன், சொன்னபடி செய்யணும்" என்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

---

எழுத்தாணி | சனி, இரவு 8.00

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். இந்த "ஒரு மாசம்" பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007-இல் வீட்டு ஏக்கம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது, தர்பர், வால்டன் என்ற இருவர் எழுதியது. பிடிக்காவிட்டால் வந்து கூட்டிப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அதே தர்பர் அதற்கு முன்பு கோடை முகாமுக்குப் போன பையன்களை ஆராய்ந்திருக்கிறார். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு நாளாவது வீட்டு ஏக்கம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தீவிரமாக வந்தவர்கள் மிகச் சிலரே. அது இரண்டு வார முகாம், வருடக்கணக்கான விடுதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

நீலக்குடை | சனி, இரவு 9.40

முன்கூட்டியே சொல்லக் கூடாது, சரி. சொல்லியாகிவிட்டதே? கொடுத்த வாக்கை அம்மா மீறினால் அடுத்து எதை நம்புவான்? நான் அம்மா பக்கம்.

---

பழையசாவி | ஞாயிறு, காலை 6.30

இதில் எனக்கும் முழுத் தெளிவு இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். முப்பதாம் நாள் வரை அந்த வாக்கைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிட்டு, அன்றைக்குப் போகாமல் இருப்பதுதான் மிகக் கேவலமான வழி. பல பெற்றோர் அதைத்தான் செய்கிறார்கள்.

நான் சொல்வது: நாள் வருவதற்கு முன், நேரில் போய், அம்மாவே திருப்பி வாங்க வேண்டும். அப்பா போய்ச் சொல்லக் கூடாது. "நான் அப்படிச் சொன்னது தப்பு. நீ அழறதைப் பாக்க முடியாம சொல்லிட்டேன். ஒரு மாசத்துல எதுவும் தெரியாது. பருவம் முடிஞ்சு லீவுக்கு வருவ இல்ல, அப்ப நாம மூணு பேரும் உட்கார்ந்து பேசுவோம், உன் பேச்சையும் கேட்டுத்தான் முடிவு பண்ணுவோம்." அதைச் சொன்னால் செய்யவும் வேண்டும். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுக் கேட்பது இன்னொரு முறை நடக்கக் கூடாது. அவனுக்குச் சொல்ல இடமே இல்லாமல் போனதில்தான் பாதி ஏக்கம் பிறக்கிறது.

விலக்கும் உண்டு. சாப்பாட்டைத் தொடர்ந்து ஒதுக்குவது, பல இரவுகள் தூங்காமல் இருப்பது, யாரோடும் பேசாமல் ஒடுங்குவது, குறிப்பிட்ட ஒருவன் பெயரையோ ஓர் இடத்தையோ கண்டு பயப்படுவது, செத்துப்போகலாம் என்ற பேச்சு, இவை வந்தால் பருவமும் வேண்டாம் வாக்கும் வேண்டாம், அன்றே கிளம்புங்கள். உங்கள் பையனிடம் இதுவரை அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

---

ஓடும்ரயில் | ஞாயிறு, காலை 9.00

நேரில் போனால் பின்னாலேயே ஓடி வருவான், பாருங்கள்.

---

மேசைவிளக்கு | அடுத்த ஞாயிறு, இரவு 10.15

இன்று போய் வந்தோம். இருபத்தைந்தாம் நாள்.

மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்து அவன் அம்மா சொன்னாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். ஐயா எழுதியதை அவள் நாலு முறை படித்திருந்தாள், ஆனால் அங்கே எதுவும் ஞாபகம் வராமல் அவள் பாணியில்தான் சொன்னாள். அவன் அழுதான். "நீ பொய் சொன்ன" என்றான். அவள் "ஆமாம்" என்றாள். அதற்கு மேல் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஓடும்ரயில் சொன்னபடி கேட் வரை ஓடி வந்தான். கூடவே அந்தச் சதுரங்கப் பையனும் வந்தான். கேட்டருகில் நின்று அவனே இவன் கையைப் பிடித்து, "வாடா, நேரமாச்சு" என்று கூட்டிப் போனான். திரும்பும் வழியெல்லாம் மனைவி அழுதாள்.

தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். விளக்கு இன்னும் போடவில்லை.

---

மேசைவிளக்கு | ஏழு வாரம் கழித்து

நினைவிருக்கிறதா தெரியவில்லை. முதல் லீவுக்கு வந்து போனான். வாக்கைத் திருப்பி வாங்கியபின் ஒரு வாரம் அம்மாவோடு போனில் சரியாகப் பேசவில்லை. அப்புறம் சரியானான். லீவில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். இருக்கிறேன் என்றான், ஆனால் "அடுத்த வருஷம் மறுபடியும் கேக்கணும்" என்று சொல்லிவிட்டான். சரி என்றோம்.

எனக்கு அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். திரும்பப் போகும் நாளுக்கு முந்தின இரவு முதல் நாள் மாதிரியே அழுதான். போய் மூன்று நாள் போனில் ஒரே விசும்பல். பழகியதெல்லாம் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். நான்காம் நாள் கொஞ்சம் தெளிந்தான்.

---

பழையசாவி | மறுநாள், காலை 6.10

போன முறை நான்காம் நாள் ஆரம்பித்த அழுகை இந்த முறை நான்காம் நாள் தணிந்திருக்கிறது. ஒவ்வொரு லீவுக்குப் பிறகும் கொஞ்சம் இருக்கும். லீவு முடிவதற்கு முந்தின நாளை வெளியே சுற்றுவதில் கழிக்காமல், அவனையே பெட்டி அடுக்கச் சொல்லுங்கள். அது கொஞ்சம் உதவும்.

அந்தக் கழிப்பறை விளக்கு போட்டுவிட்டார்களா?

---

மேசைவிளக்கு | மறுநாள், இரவு 9.00

இல்லை ஐயா. நாளைக்கு மறுபடி போன் செய்கிறேன்.